காதில் விழாத மணி: கைத்தொலைபேசி நினைவூட்டல்களும் ஒரு குளிசைப் பெட்டியும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் மரைன் டிரைவில் போய் முடியும். அதற்கு அப்பால் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அப்பால் கடல். அந்த ஒழுங்கைகளில் ஒன்றில்தான் என் பெரியம்மாவின் வீடு. புதிதாக அங்கே இரவு தங்குகிறவர்களுக்கு முதல் நாள் நித்திரை வராது. ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும், மேசையில் வைத்த கரண்டி கிண்கிணுக்கும். பெரியம்மாவிடம் கேட்டால், "ரயிலோ? எப்ப போனது?" என்பார். முப்பது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறார்.

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து அவரைப் பார்க்கப் போயிருந்தேன். காலைச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது அவருடைய போன் அடித்தது. அடித்த உடனேயே, திரையைப் பார்க்காமல், பேசிக்கொண்டிருந்த கதையையும் நிறுத்தாமல், பெருவிரலால் ஓர் அழுத்து. சத்தம் நின்றது. "என்னது பெரியம்மா?" என்று கேட்டேன். "என்னவோ பிள்ளை, அது அடிச்சுக்கொண்டே இருக்கும்" என்றார். அது அவருடைய நீரிழிவுக் குளிசைக்கான நினைவூட்டல். அவர் அழுத்தியது "எடுத்துவிட்டேன்" என்று பொருள்படும் பொத்தான். குளிசை அலுமாரியிலேயே இருந்தது.

அன்றிலிருந்து இந்த விடயத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் காது ஏன் அடைத்துக்கொள்கிறது, யார் எங்கே அதைக் குறைத்துப் பார்த்தார்கள், குறைத்ததில் எது பலித்தது என்பதுதான் என் கேள்வி. வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வுகள் இதற்கு நிறையவே உதவுகின்றன. ஆனாலும் பெரியம்மாவின் போனிலிருந்தே தொடங்குகிறேன். எங்களில் பலருடைய வீட்டு நிலைமை இதுதான்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிவரை அவருடைய போன் எத்தனை முறை சத்தம் போடுகிறது என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு எண்ணினேன். 118 முறை. வாட்ஸ்அப் குழுக்களும் உறவினர்களின் செய்திகளும் 61. வங்கி, நகைக்கடை, உணவகம், கழிவு விற்பனை என்று வந்த குறுந்தகவல்கள் 22. செய்தித் தளங்களும் யூடியூப்பும் 15. மிச்சம் 20 ரொறொன்ரோவில் இருக்கும் மகன் போட்டுக்கொடுத்த மருந்துச் செயலியிலிருந்து வந்தவை. பெரியம்மாவுக்குக் குளிசை வேளை மூன்றுதான். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டுக்கான லெவோதைரொக்சின். காலைச் சாப்பாட்டோடு மெட்ஃபோமின், கிளிக்லசைட், பிரஷருக்கு லோசாட்டன். இரவுச் சாப்பாட்டோடு இன்னொரு மெட்ஃபோமினும் கொலஸ்ட்ரோலுக்கு அடோவாஸ்டடினும். செயலி ஒவ்வொரு வேளைக்கும் மூன்று முறை அடித்தது: கால் மணி நேரம் முன்பு ஒன்று, நேரத்துக்கு ஒன்று, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. அது ஒன்பது. தண்ணீர் குடிக்கச் சொல்லி எட்டு. பிரஷரைப் பதியச் சொல்லி இரண்டு, சீனியைப் பதியச் சொல்லி ஒன்று. இருபதும் ஒரே "டிங்". நகைக்கடைக் குறுந்தகவலுக்கும் அதே "டிங்".

அந்த மாதம் முடியும்போது மெட்ஃபோமின் அட்டைகளை மேசையில் கொட்டி எண்ணினேன். மாதத்துக்கு 60 வாங்கியதில் 17 மிச்சம். அதாவது போக வேண்டியதில் 72 வீதம்தான் உள்ளே போயிருக்கிறது. செயலியின் பதிவைத் திறந்தால் மாதம் முழுவதும் பச்சை நிறம், ஒரு வேளைகூடத் தவறவில்லை. ரொறொன்ரோவில் மகன் அந்தப் பச்சையைப் பார்த்து நிம்மதியாக இருந்தான். நினைவூட்டல் சலித்துப்போனதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: பதிவையும் மிச்சக் குளிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு அடையாளமும் உண்டு. மணி அடிப்பதற்கும் விரல் அழுத்துவதற்கும் இடையில் ஒரு செக்கன்கூட இல்லையென்றால், அதைக் கண் வாசிக்கவில்லை, விரல் மட்டும்தான் பதில் சொல்கிறது.

பழகிப்போதல் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் ரிச்சர்ட் தொம்சனும் வில்லியம் ஸ்பென்சரும் 1966இல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் அடிப்படை. அவர்கள் வகுத்த இயல்புகளில் நான்கு எங்களுக்கு வேண்டியவை. தூண்டல் அடிக்கடி வந்தால் பழக்கம் சீக்கிரம் பிடிக்கும். தூண்டல் மெல்லியதாக இருந்தாலும் சீக்கிரம் பிடிக்கும். கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தால் பழைய கவனம் மீளும். நான்காவதுதான் முக்கியம்: ஒரு தூண்டலுக்குப் பிடித்த பழக்கம் அதைப் போன்ற மற்றத் தூண்டல்களுக்கும் பரவும். பெரியம்மாவுக்குக் குளிசை மணி சலித்தது குளிசையால் வந்ததல்ல. 98 வேறு சத்தங்கள் அதே குரலில் பேசின, அவற்றின் மதிப்பின்மை இதற்கும் தொற்றிக்கொண்டது. அதனால்தான் ஒருவர் சலித்துப்போனால் தேவையில்லாததை மட்டும் தள்ளிவிடுவதில்லை, எல்லாவற்றையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்.

எங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் இதற்கு மறுபக்கமும் காதால் கேட்கலாம். வீட்டுக்கு அருகில் உள்ள தேவாலயத்தில் தினமும் அடிக்கும் மணிக்குத் தெருவில் யாரும் தலை தூக்குவதில்லை. அதே கோபுரத்திலிருந்து இடைவெளி விட்டு ஒற்றை ஒற்றையாகத் துக்கமணி அடித்தால், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆராம்?" என்று வாசலுக்கு வருவார்கள். மணி ஒன்றுதான். அடிக்கும் விதம் வேறு, அது எப்போதாவது ஒருநாள்தான் கேட்கும், கேட்டால் பொய்யாக இருந்ததில்லை.

சத்தத்தைக் குறைத்துப் பலன் கண்ட இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பொஸ்டன் வைத்தியசாலை ஒன்றின் கதை. பொஸ்டன் மெடிக்கல் சென்டரின் இருதயப் பிரிவொன்றில் நோயாளிகளின் நெஞ்சோடு இணைத்த கருவிகள் வாரத்துக்கு 87,823 முறை ஒலித்தன. தாதியர் அவற்றைக் கேட்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. பெரும்பாலானவை தாமாகவே அடங்கிவிடும் மணிகள்: நாடித் துடிப்பு கணநேரம் எல்லையைத் தாண்டும், மணி அடிக்கும், துடிப்பு திரும்பும், மணி நிற்கும். யாரும் எழும்ப வேண்டியதில்லை. அவர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். நாடித் துடிப்பின் எல்லையை 50–120 என்பதிலிருந்து 45–130 என்று விரித்தார்கள். கூடவே, அந்த மணிகளைத் தானாக அடங்கும் வகையிலிருந்து எடுத்து, தாதி ஒருவர் வந்து பார்த்தால்தான் நிற்கும் வகைக்கு உயர்த்தினார்கள். வாரத்துக்கு 9,967 ஆனது, அதாவது 89 வீதம் குறைந்தது. அதனால் நோயாளி எவருக்கும் தீங்கு நேரவில்லை என்று 2014இல் வெளியான ஆய்வு பதிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது மாற்றம். எண்ணிக்கையைக் குறைத்தார்கள், ஆனால் எஞ்சியதை இன்னும் கடுமையாக்கினார்கள். அடித்தால் எழும்பித்தான் ஆக வேண்டும், எழும்பினால் அங்கே ஏதோ இருக்கும். அடிக்கிற மணியில் எத்தனை பங்கு மெய் என்பதை மனிதர் அறியாமலே கணக்கு வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கையின் நம்பகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த சோதனைகளில், பலரும் அது மெய்யாகும் வீதத்துக்கு ஏறக்குறையவே அதற்குச் செவி கொடுத்தார்கள்.

மருந்து நினைவூட்டல் பற்றி நேரடியாகவே ஒரு நல்ல சோதனை மேற்குக் கென்யாவில் நடந்தது, 2011இல் வெளியானது. எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய 431 பேருக்குக் கைத்தொலைபேசி கொடுத்து, சிலருக்குத் தினமும், சிலருக்கு வாரம் ஒருமுறையும் குறுந்தகவல் அனுப்பினார்கள். சிலருக்குச் சிறிய செய்தி, சிலருக்கு ஆறுதல் வார்த்தை சேர்த்த நீண்ட செய்தி. ஒரு பகுதியினருக்கு எதுவும் அனுப்பவில்லை. மருந்துப் போத்தலின் மூடி திறக்கப்படும் ஒவ்வொரு முறையையும் அந்த மூடியிலேயே இருந்த கருவி பதிந்தது. பெரியம்மா வீட்டில் நான் மிச்சக் குளிசையை எண்ணியதன் திருத்தமான வடிவம் இது. 48 வாரம் கழித்துப் பார்த்தபோது, வாரம் ஒருமுறை செய்தி பெற்றவர்களில் 53 வீதமானோர் பத்தில் ஒன்பது பங்கு மருந்தாவது எடுத்திருந்தார்கள். செய்தி பெறாதவர்களில் அது 40 வீதம். தினமும் பெற்றவர்களுக்கு அப்படி ஒரு பலன் கிடைக்கவில்லை. நீண்ட செய்தியின் ஆறுதல் வார்த்தைகளும் எதையும் கூட்டவில்லை.

தினமும் எடுக்கும் மருந்துக்குத் தினமும் நினைவூட்டுவதுதானே முறை என்று எவருக்கும் தோன்றும். வாரம் ஒருமுறை வரும் செய்தி இன்ன நேரத்துக் குளிசை என்று சொல்லாது. உன் மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று அந்த வாரத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கும், அவ்வளவுதான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். தினசரிச் செய்தி சில நாளில் ரயில் சத்தமாகிவிடுகிறது. ஆனால் இதை எல்லா இடத்துக்கும் பொது விதியாக்க முடியாது. தென்னிந்தியாவில் 631 நோயாளிகளிடம் வாராந்தத் தானியங்கி அழைப்பும் படச் செய்தியும் அனுப்பிப் பார்த்த சோதனை 2014இல் வெளியானது. அதில் பலன் எதுவும் தெரியவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தாலும், தானியங்கி அழைப்பை எல்லோரும் ஒரே விதமாக ஏற்பதில்லை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் அணைத்துவிடலாமா? இந்தியாவில் 237 பேரின் போன்களில் இரண்டு வாரம் நடத்திய சோதனை, 2019இல் வெளியானது, இதற்குப் பதில் சொல்கிறது. அறிவிப்புகளைச் சேர்த்து நாளுக்கு மூன்று வேளை மட்டும் காட்டியபோது கவனமும் மனநிலையும் மேம்பட்டன. மணிக்கு ஒருமுறை சேர்த்துக் காட்டியதில் பெரிய மாற்றம் இல்லை. முழுவதுமாக நிறுத்தியவர்களுக்கோ பதற்றம்தான் கூடியது, எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் சேர்ந்தது. பெரியம்மாவின் போனை ஒரு பின்னேரம் முழுவதும் ஒலியில்லாமல் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தார். "அங்க பிள்ளையளுக்கு ஏதும் எண்டால்?" என்றார்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவருடைய போனில் நாங்கள் செய்தது இது.

முதலில் மூன்றாகப் பிரித்தோம். இன்றைக்கு, இந்த நேரத்தில் என் கையால் ஏதாவது செய்ய வேண்டியது எது? அறிந்தால் போதும் என்பது எது? என் பணத்தைக் கேட்பது எது? முதல் வகைக்கு மட்டும் சத்தம். மற்றவை வரலாம், ஆனால் ஒலிக்கக் கூடாது. அன்ட்ரொய்ட் போன்களில் ஓர் அறிவிப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் `Silent` என்ற தெரிவு வரும். ஒவ்வொன்றும் வர வர அப்படி அழுத்தியதில், கொப்பியில் இருந்த 98 சத்தங்களில் பெரும்பகுதி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிட்டது. ஒரு செயலியை முழுதாக அடக்க வேண்டிய தேவையும் இல்லை; 2017இல் வந்த அன்ட்ரொய்ட் 8 முதல் ஒரே செயலிக்குள் அறிவிப்பு வகைகளைத் தனித்தனியே அடக்கலாம். வாட்ஸ்அப் குழுக்களை ஒலியற்றதாக்கி, பிள்ளைகள் இருவரின் தனிச் செய்திக்கு மட்டும் வேறு சத்தம் வைத்தோம். அடக்கியவற்றைக் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை திறந்து பார்ப்பது என்று முடிவு.

ஒன்றை மட்டும் தொடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது களனி கங்கை பெருகியதைக் கொட்டாஞ்சேனையிலிருந்து பார்த்தவள் நான். அனர்த்த எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு விடும் எச்சரிக்கையில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி உண்டு. மஞ்சள் என்றால் கவனமாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகு, சிவப்பு என்றால் வெளியேறு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேறு செயல் இருப்பதால் அந்தப் பிரிப்பு பயன் தருகிறது. பெரியம்மாவின் போனிலும் அதைத்தான் செய்யப் பார்த்தோம்.

அடுத்தது குளிசை. தண்ணீர், பிரஷர், சீனி நினைவூட்டல்களை அழித்தோம். பிரஷரை வாரம் ஒருமுறை நான் போகும்போது பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். நேரத்துக்கு முன் அடிக்கும் மணியையும் நீக்கினோம். அது மிகவும் தீங்கானது என்பது என் எண்ணம்: அந்த நேரத்தில் செய்வதற்கு எதுவுமே இல்லை, ஆகவே தள்ளிவிடுவதைத்தான் அது பழக்குகிறது. ஏழு நாளுக்குக் காலை, இரவு என்று மூடி வைத்த குளிசைப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தோம். தைராய்டுக் குளிசை மட்டும் தனியே, பல் துலக்கும் இடத்தில். அது தேநீருக்கு அரை மணியாவது முந்திப் போக வேண்டும். நினைவூட்டும் வேலையில் பெரும்பங்கைக் கோப்பையும் பிரஷ்ஷும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். செயலியில் ஒரு வேளைக்கு ஒரே ஒரு மணி, அதுவும் வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்கு முக்கால் மணி பிந்தி: காலை 8.15, இரவு 8.45. குளிசையை விழுங்கியதும் குறித்துவிட்டால் அந்த வேளை மணி அடிக்காது. இப்போது மணி அடித்தால், உண்மையிலேயே மறந்துவிட்டார் என்றுதான் பொருள். சத்தமும் மாறியது. லண்டனில் உள்ள பேத்தி, "அம்மம்மா, குளிசை" என்று பதிந்து அனுப்பிய குரல்.

வெள்ளிக்கிழமை விரதம் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. கிளிக்லசைட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். செயலிக்கு விரதம் தெரியாது, 7.30க்கு அடித்துக்கொண்டுதான் இருந்தது. சலிப்பில் பெரியம்மா தள்ளிவிட்ட சில மணிகள் உண்மையில் தள்ளிவிட வேண்டியவையாகவே இருந்திருக்கின்றன. கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டு, விரத நாளில் எதை எப்போது எடுப்பது என்று எழுதி வாங்கி, வெள்ளிக்கிழமைக்கு வேறு நேரம் வைத்தோம்.

பிள்ளைகளின் செய்திகளைப் பற்றிப் பேசியதுதான் கடினமாக இருந்தது. காலையும் இரவும் இருவரும் தனித்தனியே "அம்மா, குளிசை போட்டீங்களா?" என்று கேட்பார்கள். "ஓம் பிள்ளை" என்று பதில் போகும். அந்தப் பதிலும் செயலியின் பச்சை போன்றதுதான். லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகளான அக்காவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அதைக் கேட்காட்டி எனக்கு நித்திரை வராது" என்றாள். அவள் சொன்னது மெய். அந்தச் செய்தி அம்மாவின் மறதிக்காகப் போகவில்லை, தூரத்தில் இருக்கிறவளின் பயத்துக்காகப் போகிறது. அனுப்புகிறவருக்கு ஒரு செய்தியால் எந்தச் செலவும் இல்லை, அதனால் ஒன்றுக்கு நான்காக அனுப்பத் தோன்றுகிறது. வாங்குகிறவரின் கவனத்திலிருந்துதான் அது கழிகிறது. நியூயோர்க்கில் குடும்ப வைத்தியர்களிடம் செய்த ஓர் ஆய்வில், ஒரே நோயாளி பற்றிக் கணினி காட்டும் நினைவூட்டல் ஒன்று கூடும்போதெல்லாம், வைத்தியர் அதை ஏற்கும் வாய்ப்பு 30 வீதம் குறைந்தது. முன்பு காட்டியதையே திரும்பக் காட்டினால் இன்னும் குறைந்தது. வைத்தியர்களுக்கே இப்படி என்றால் 74 வயதுப் பெரியம்மாவை என்ன சொல்வது! கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டார்கள்: குளிசை பற்றி ஒருவரும் தினமும் கேட்பதில்லை. ஞாயிறு காலை பெட்டியின் படம் ஒன்றை நான் அனுப்புவேன். அடுத்தடுத்து இரண்டு வேளை குறிக்கப்படாமல் போனால் மட்டும் செயலி எனக்குச் செய்தி அனுப்பும், நான் தொலைபேசியில் அழைப்பேன். இரவில் அக்கா வேறு ஏதாவது எழுதுவாள். என்ன சமைத்தது, கடல் எப்படி இருக்கிறது என்று.

முதல் மாதம் 60இல் 4 மெட்ஃபோமின் மிச்சம். இதை மாற்றத்தின் வெற்றி என்று முழுதாக எடுக்க முடியாது. ஒரு ஆள், ஒரு மாதம். நானும் வழமையைவிட அடிக்கடி போய் வந்தேன், எண்ணப்படுகிறோம் என்று அவருக்கும் தெரியும். இரண்டாம் மாதம் 9 மிச்சமானது. பேத்தியின் குரலும் பழகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். அப்படி என்றால் சில வாரம் அதை நிறுத்தி வைத்து மீளக் கொண்டுவரலாம், அல்லது குரலை மாற்றலாம் என்று யோசித்தேன்.

ஆனால் பெட்டி வேறு ஒன்றைக் காட்டியது. ஒன்பதில் ஆறு இரவு வேளை. அந்த ஆறில் நான்கு வெள்ளிக்கிழமை, இரண்டு செவ்வாய்க்கிழமை. அந்த நாட்களில் பெரியம்மா மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போகிறார். பூசை முடிந்து, தெரிந்தவர்களோடு கதைத்து, வீடு வந்து சாப்பிட ஒன்பது மணி தாண்டிவிடும். 8.45க்குப் பேத்தியின் குரல் கைப்பைக்குள்ளிருந்து கேட்கும். கையில் அர்ச்சனைத் தட்டு, முன்னால் சாப்பாடு இல்லை, குளிசை வீட்டு மேசையில். அழுத்தி நிறுத்துவதைவிட அவரால் வேறு எதுவும் செய்ய முடியாது. காது சலித்ததாக நான் நினைத்தது நேரம் பிசகியதுதான். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இரவு மணியை 9.45க்கு மாற்றினேன். வருகிற ஞாயிறு மூன்றாம் மாதத்துக் குளிசைகளை எண்ண வேண்டும்.